அவ்வப்போது மட்டும் எட்டிப் பார்க்கும் அன்பு

கேள்வி: ஒருவர் சில நாள்கள் மிக அன்பாகப் பேசுகிறார், பிறகு வாரக்கணக்கில் பேச்சே இல்லை. கேட்டால் வேலை அதிகம் என்கிறார். இது உறவை முன்னெடுக்காமல் அவ்வப்போது துளித்துளியாக அன்பு காட்டி ஒருவரைக் காத்திருக்க வைக்கும் பிரெட்கிரம்பிங்கா, உண்மையிலேயே வேலையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தி வருகிறது என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அந்தச் செய்தி எதற்குப் பிறகு வருகிறது, நீங்கள் எதைக் கேட்டவுடன் நின்றுபோகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

என் உறவுக்காரப் பெண் ஒருவரின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். திருமணத்துக்கு முந்தைய ஒரு வருடம் முழுவதும் இருவரும் பேசிக்கொண்டது மிகக் குறைவு. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காமல் பல நாள்கள் எந்தத் தகவலும் இல்லாமலேயே கழியும். ஆனால் அவருடைய செய்திகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரு தேதி இருக்கும்: “21ஆம் தேதி சிங்கப்பூர் போய்ச் சேருவோம், அன்றைக்கு ராத்திரி கூப்பிடுறேன்.” கப்பல் தாமதமானால் அடுத்த துறைமுகத்திலிருந்து அவரே அதைச் சொல்லி, வேறொரு நாளையும் குறித்துவிடுவார். பேச்சு குறைவாக இருந்தும் அந்த உறவு நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

இதற்கு நேர்மாறாக இருந்தது என் தோழி ஒருத்தியின் அனுபவம். அவளுடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். மதுரையில் ஒரு திருமணத்தில் அறிமுகமாகி, ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் ஒருவரோடு மாதக்கணக்கில் வாட்ஸ்அப்பில் பேசிவந்தாள். இரவு பதினொன்றரை மணிக்கு “இந்தப் பாட்டைக் கேட்டதும் உன் ஞாபகம்தான்” என்று ஒரு இணைப்பு வரும். அவளுடைய ஸ்டேட்டஸுக்கு ஓர் இதயக்குறி வரும். “அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கண்டிப்பா பார்க்கலாம்” என்ற வாக்கும் வரும். பொங்கலுக்கு அவர் மதுரைக்கு வந்தார், வீட்டு முற்றத்தில் எடுத்த படங்களைப் போட்டார், அவளுடைய புடவைப் படத்துக்கும் விருப்பக்குறி இட்டார், பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

அதன் பிறகு ஒருநாள் அவளும் நானும் உட்கார்ந்து அந்த உரையாடல் முழுவதையும் மேலிருந்து கீழாகப் படித்தோம். ஒரு தாளில் அவர் தாமாகப் பேச்சைத் தொடங்கிய நாள்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்கு முந்தைய சில நாள்களில் என்ன நடந்திருந்தது என்பதைக் குறித்தோம். ஒருமுறை அவள் மனம் வருந்திப் பதில் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். இன்னொரு முறை நண்பர்களோடு கொடைக்கானல் போய்ப் படங்கள் போட்டிருந்தாள். வேறொரு முறை வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். அவருடைய நீளமான, உருக்கமான செய்திகள் எல்லாம் அவள் விலகுவதுபோல் தோன்றிய தருணங்களை ஒட்டியே வந்திருந்தன. அவள் நெருங்கி வந்து “எப்போது பார்க்கலாம்?” என்று கேட்ட நாள்களுக்குப் பிறகோ நீண்ட இடைவெளிகள் இருந்தன. வேலைச் சுமைக்கு இப்படி அவளுடைய மனநிலையைப் பார்த்துக் கூடிக் குறையும் பழக்கம் கிடையாது. என்னைப் பொறுத்தவரை இதுதான் மிகத் தெளிவான அடையாளம்.

தனித்தனியாகப் படிக்கும்போது அந்தச் செய்திகளில் எந்தக் குறையும் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் நண்பர்களிடம் ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்பது பயன்படுவதில்லை, பார்ப்பவரும் அந்த ஒரு செய்தியின் இனிமையை வைத்தே பதில் சொல்வார்.

விட்டு விலகுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு உளவியலில் ஒரு பழைய விளக்கம் உண்டு. ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு வட்டைக் கொத்தினால் தானியம் கிடைக்கும்படி புறாக்களைப் பழக்கினார்கள். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தபோது அவை ஓயாமல் கொத்தின. ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்துப் பழகிய பழக்கம், பலன் நின்றதும் சீக்கிரம் மறைந்துவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்துப் பழகியது நெடுநேரம் நீடிக்கும். ஆகவே, ஒழுங்காகப் பேசி ஒரேயடியாக நிறுத்திவிட்டவரைவிட, எப்போதாவது பேசுபவரின் நினைவு நம்மை அதிக நாள் பிடித்து வைப்பதில் வியப்பில்லை. அது உங்கள் மனவலிமைக் குறைவு அல்ல. ஸ்பெயினில் 626 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஓர் ஆய்விலும், இத்தகைய அரைகுறைத் தொடர்பை அனுபவித்தவர்களிடம் தனிமையுணர்வும் கையறு நிலையும் அதிகமாகக் காணப்பட்டன. சொல்லாமல் தொடர்பை அறுத்துக்கொண்டவர்களால் கைவிடப்பட்டவர்களிடம் இவை அப்படித் தெளிவாக அதிகரித்திருக்கவில்லை. அந்த ஆய்வு எது காரணம், எது விளைவு என்று நிறுவவில்லை என்றாலும், நான் அருகிருந்து பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். “நம் உறவுக்கு என்ன பெயர்?” என்று முதலிலேயே கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு உண்மையான விருப்பம் உள்ளவர்கூடத் தடுமாறுவார். சிறியதாக, நாளும் நேரமும் உள்ள ஒன்றைக் கேளுங்கள். என் தோழி இப்படித்தான் எழுதினாள்: “சித்திரைப் பிறப்புக்கு வருவீங்கதானே, 14ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குக் காபி குடிக்கப் போகலாமா?” முடியாது என்ற பதில் வந்தால் அதிலேயே எந்த முடிவுக்கும் வர வேண்டியதில்லை. முடியாதவர் அடுத்து என்ன சொல்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வர விருப்பமுள்ளவர் “அன்றைக்கு முடியாது, 16ஆம் தேதி காலையில் முடியுமா?” என்று தாமே வேறொரு நாளை முன்வைப்பார். அவளுக்கு வந்தது “பார்க்கலாம்மா” என்ற ஒரு சொல்லும் ஓர் இதயக்குறியும் மட்டுமே. அவளும் மறுபடி கேட்கவில்லை. பத்து நாள்கள் கழித்து, “உன்கிட்ட பேசாம இருந்தா ஏதோ மாதிரி இருக்கு” என்று இரண்டு நிமிடக் குரல்பதிவு வந்தது. அதில் காபியைப் பற்றியோ தேதியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பழகத் தொடங்கிய முதல் சில வாரங்களில் யாருமே தயங்கித்தான் பேசுவார்கள்; அப்போது இந்தப் பெயரைச் சூட்டுவது நியாயமாகாது. வீட்டில் மரணம், மனச்சோர்வு, வேலையிழப்பு போன்றவற்றில் சிக்கியவரும் விட்டுவிட்டுத்தான் பேசுவார். ஆனால் அவர் பெரும்பாலும் எல்லோரிடமிருந்தும் விலகியிருப்பார். நீங்கள் விலகும்போது மட்டும் அவருக்குத் திடீரென்று தெம்பு வந்துவிடாது. மேலும், இப்படி நடந்துகொள்பவர்கள் எல்லோரும் திட்டமிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று நான் நம்பவில்லை. தனிமைக்கு ஒருவர் துணையாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களும், இல்லை என்று சொல்லத் துணிவில்லாதவர்களும் உண்டு. அவருடைய உள்நோக்கத்தைக் கண்டறிவதில் உங்கள் மாதங்களைச் செலவழிக்காதீர்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும் உங்களுக்கு வந்து சேர்வது ஒன்றுதான்.

விலக முடிவு செய்தால், காரணம் கேட்காமல், “எனக்கு நேரில் பழகி முடிவெடுக்கும் உறவு வேண்டும், இப்படித் தொடர முடியாது” என்று ஒரே முறை எழுதிவிட்டு, உரையாடலை ஆர்க்கைவில் போட்டு, அவருடைய ஸ்டேட்டஸையும் மியூட் செய்யுங்கள். உங்கள் ஸ்டேட்டஸை அவர் பார்க்க முடியாதபடியும் வையுங்கள். அவர் பார்த்தாரா என்று தேடுவதும் அதே காத்திருப்பின் இன்னொரு வடிவம்தான். முதல் சில வாரங்களில் தொலைபேசியை எடுத்துப் பார்க்கும் ஆவல் குறைவதற்கு முன் இன்னும் அதிகமாகலாம். அதைக் காதலின் ஆழத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சமயத்தில்தான் முன்னெப்போதும் இல்லாத உருக்கத்தோடு ஒரு செய்தியும் வரக்கூடும். வந்தால், அதில் நாளும் இடமும் இருக்கின்றனவா, அந்த நாளில் அவர் உண்மையிலேயே வந்து நிற்கிறாரா என்பதை மட்டும் பாருங்கள்.