மொத்தமாக வாங்கினால் மிச்சமா?

கேள்வி: கடையில் ஒரு எண்ணெய் பாக்கெட் 150 ரூபாய், பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொன்று 140. நான் எப்போதும் 140-ஐத்தான் எடுக்கிறேன். ஆனால் மாசக் கடைசியில் எண்ணெய் பற்றவில்லை. (தாம்பரம் வாசகி)

பதில்: பாக்கெட்டைத் திருப்பி எடையைப் படியுங்கள். 150 ரூபாய் பாக்கெட்டில் 1 லிட்டர் இருக்கும். 140-இல் அநேகமாக 800 கிராம்தான் இருக்கும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடை. இப்போது கணக்குப் போடுங்கள்: முதல் பாக்கெட்டில் கிலோ 165 ரூபாய், இரண்டாவதில் 175. பத்து ரூபாய் மிச்சம் என்று நீங்கள் நினைத்த இடத்தில், கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், மாவு, பருப்பு எல்லாம் இந்த இந்த அளவில்தான் பாக்கெட் போடவேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு பார்த்தால், கவரின் உயரம், அகலம், படம் எல்லாம் பழையபடியே இருக்கிறது, உள்ளே இருப்பது மட்டும் 870, 850, 800 என்று இறங்குகிறது. அதற்கு ஈடாகத்தான் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதையும் அச்சிடச் சொன்னார்கள். அச்சிடுகிறார்கள், எறும்பு எழுத்தில். ஒன்றில் மில்லிக்கும் இன்னொன்றில் கிராமுக்கும் விலை போட்டிருந்தால் நேராக ஒப்பிடமுடியாது. லிட்டர் விலையை 910-ஆல் வகுத்தால் கிராம் விலை வந்துவிடும். செல்போனை வெளியே எடுக்கக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் 15 கிலோ டின்னாக வாங்கிவிடலாமா? வீட்டில் மூன்று பேர். (அதே வாசகி)

பதில்: வேண்டாம். நான் வாங்கினேன். எங்கள் வீட்டிலும் மூன்று பேர்தான். மாதம் இரண்டு கிலோ போனால் அதிகம். நாலாம் மாதம் வடை சுட்டபோதே காறல் வாடை அடித்தது. டின்னைத் திறந்தபின் ஒவ்வொரு தடவையும் காற்றுப் பட்டால் எண்ணெய் கெடத்தான் செய்யும். மீதியைக் கொட்டியதில், மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு போயிற்று. ஒன்றரை மாதத்துக்குள் தீர்கிற அளவுக்கு மேல் எண்ணெய் வாங்காதீர்கள். ரவை, மைதாவும் அப்படித்தான், சீக்கிரம் புழு வைக்கும். புளியும் மிளகாயும் வேறு கதை. மாசி, பங்குனியில் புதுசு வரும்போது வாங்கி நன்றாகக் காயவைத்தால் வருஷம் ஓடும்.

கேள்வி: ஏழு நாளுக்கும் மெனு எழுதிவைத்து ஞாயிறு சந்தைக்குப் போகிறோம். ஆனாலும் வியாழக்கிழமை பாதிக் காய் குப்பைக்குப் போகிறது.

பதில்: மெனுவில் காயின் பெயரை எழுதாதீர்கள். கார்த்திகையில் "திங்கள்: முருங்கைக்காய் சாம்பார்" என்று எழுதிக்கொண்டு போனால், விலையைக் கேட்டு மயக்கம்தான் வரும். முருங்கைக்காய் மலிவது கோடையில். "சாம்பார், ஒரு காய்" என்று மட்டும் எழுதுங்கள். எந்தக் காய் என்பதைச் சந்தையில் குவிந்து கிடப்பது சொல்லும்.

அப்புறம் கெடுகிற வரிசையில் சமையுங்கள். ஞாயிறு, திங்களில் கீரையும் வெண்டையும். செவ்வாய், புதனில் கத்தரி, அவரை, பீன்ஸ். வியாழனுக்கு மேல் கேரட், சேனை, வாழைக்காய், வெட்டாத பரங்கி. உங்கள் வீட்டில் முதல் நாளே உருளைக்கிழங்கு வறுவல் நடக்கிறது என்று நினைக்கிறேன். கீரைதானே வாடும்?

கேள்வி: மே மாதம் மட்டும் மீன் செலவு எகிறுகிறது. குறைக்க வழி?

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதம் வஞ்சிரத்தை மறந்துவிட்டு ஏரிக் கெண்டையும் முட்டையும் சாப்பிடுங்கள்.

கேள்வி: இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று பிஸ்கட் வாங்கினோம். லாபம்தானே?

பதில்: பிஸ்கட் உங்கள் பட்டியலில் இருந்ததா?

கேள்வி: ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். மலிவு என்று பத்து கிலோ துவரம்பருப்பு வாங்கினேன். பிரித்தால் உள்ளே எல்லாம் வண்டு. கடைக்காரர், "விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பில்லிலேயே போட்டிருக்கிறதே" என்கிறார். (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஐயா, பில்லில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அது சட்டம் ஆகிவிடாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் வேறு கெடு போடாவிட்டால் 30 நாள் வரை உங்களுக்கு உரிமை உண்டு. பருப்பை வெயிலில் காயவைத்துப் புடைத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. மூட்டை, லேபிள், வண்டு மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். கடைக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

அடுத்த தடவை முதலில் ஒரு கிலோ வாங்கி வேகவைத்துப் பாருங்கள். பிடித்தால் மீதி ஒன்பது.