மாதம் 5,000 கி.மீ. ஓடும் சேல்ஸ் வேலைக்கு எந்த கார்?

"பெங்களூருவில் சேல்ஸ் ரெப். துமகூரு, ஹாசன், மைசூரு என்று மாதம் 5,000 கி.மீ. ஓட்டுகிறேன். பெட்ரோலா, டீசலா?"

இந்த ஓட்டத்துக்கு டீசல்தான். பார்க்க வேண்டியது கிலோமீட்டர் செலவு, அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட எரிபொருளுக்கும் சர்வீஸுக்கும் ஆகும் காசு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 18 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எரிபொருளுக்கு மட்டும் வருடத்துக்கு 3.33 லட்சம். டீசல் 90 ரூபாய், 22 கி.மீ. என்றால் 2.45 லட்சம். டீசல் காருக்குக் கூடுதலாக ஒன்றேகால் லட்சம் கொடுத்திருந்தாலும் ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும்.

ஒரு நிபந்தனை உண்டு. இப்போதைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடினால் அது சூடேறி, கரி எரிந்துபோகும். சில்க் போர்டு நெரிசலிலேயே நாள் முழுக்க ஊர்ந்தால், டீ வடிகட்டியில் தூள் அடைப்பது போல அடைத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் விளக்கு எரியும். ஊருக்குள்ளேயே சுற்றுபவர்கள் பெட்ரோலோ சி.என்.ஜி.யோ எடுப்பது நல்லது.

அப்புறம் சர்வீஸ். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை என்றால் உங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை! வாங்கும் முன் ஹாசன் சர்வீஸ் சென்டருக்கே போன் போட்டு, பிரேக் பேடும் கிளட்ச் பிளேட்டும் கையிருப்பில் வைப்பார்களா, காலையில் விட்டால் மாலையில் தருவார்களா என்று கேளுங்கள்.

'மூன்று வருட வாரண்டி' என்றால் மூன்று வருடமும் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 'அல்லது 1 லட்சம் கி.மீ., எது முதலில் வருகிறதோ அது' என்று போட்டிருந்தால், உங்களுக்கு அது 20 மாதத்தில் முடிந்துவிடும்.