மின்னஞ்சலை அறிவிப்பாக மாற்றுதல்

“சங்கச் செயலாளரின் மின்னஞ்சலைப் பலகையில் ஒட்ட வேண்டும். ‘நண்பர்களே, நாளை காலை தொட்டி கழுவுகிறோம், தண்ணீர் வராது, சந்தேகம் இருந்தால் இதற்கே பதில் போடுங்கள்’ என்றிருக்கிறது. எப்படி மாற்றுவது?”

முதலில் ‘நாளை’யை எடுத்துவிடுங்கள். மின்னஞ்சலின் தலைப்பில் தேதி தானாகவே இருக்கும். பலகையில் தாள் மூன்று நாள் தொங்கினால், படிப்பவருக்கெல்லாம் அடுத்த நாளே ‘நாளை’யாகிவிடும். தண்ணீர் எத்தனை மணிவரை வராது என்பது மூலத்தில் இல்லாததால், அதை ஊகித்து எழுதாமல் செயலாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தாளுக்குப் பதில் போட இயலாது என்பதால், யாரை, எங்கே அணுகுவது என்பதையும் சேர்க்க வேண்டும். அவர் கூறும் நேரம் காலை 9 முதல் பிற்பகல் 1 வரை என்றால், வாசகம் இவ்வாறு அமையலாம்:

அறிவிப்பு
நாள்: 13.06.2025
பொருள்: மேல்நிலைத் தொட்டி தூய்மைப் பணி
14.06.2025 சனிக்கிழமை காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை மேல்நிலைத் தொட்டி தூய்மை செய்யப்படவிருப்பதால், அந்நேரத்தில் குடிநீர் வழங்கப்படமாட்டாது. குடியிருப்போர் தேவையான நீரை முன்னதாகவே சேமித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். விவரங்களுக்குச் சங்க அலுவலகத்தில் மேலாளரை அணுகவும்.
(ஒப்பம்)
செயலாளர்

‘நண்பர்களே’ என்னும் விளி பலகைக்குப் பொருந்தாது, ‘வணக்கம்’கூட வேண்டியதில்லை. கையொப்பமும் சங்க முத்திரையும் இல்லாத தாளை யாரோ ஒட்டியதென்று கடந்துபோவார்கள் என்பதால், அச்செடுத்த பிறகு அவற்றைப் பெற்றே ஒட்டுங்கள்.