மெனோபாஸ்: ஜெல் ஒன்று, மாத்திரை ஒன்று, எதற்கு இரண்டு?

எனக்கு 46 வயது. சில மாதமாக மாதவிலக்கு முன்னும் பின்னுமாக வருகிறது. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை சூடு ஏறி வியர்த்துக் கொட்டுகிறது. எஃப்.எஸ்.எச். டெஸ்ட் நார்மல். அப்படியானால் இது மெனோபாஸ் இல்லையா? (ஈரோடு)

எஃப்.எஸ்.எச். என்பது சினைப்பையை வேலை செய்யச் சொல்லி பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். உங்கள் கட்டத்தில் அது ஒரு வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும். அதனால் 45 தாண்டியவர்களுக்கு நான் அந்த டெஸ்ட்டை எழுதுவதே இல்லை, அறிகுறியே போதும். தைராய்டு மட்டும் பார்த்துவிடுங்கள். அதிலும் வியர்வை, படபடப்பு வரும்.

நீங்கள் சொல்லும் சூடுதான் ஹாட் ஃப்ளஷ். மூளையில் உடல்வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. லேசான வெப்ப மாற்றத்துக்கே தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வியர்க்க வைக்கிறது. தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். நீங்கள் இருப்பது அதற்கு முந்தைய பெரிமெனோபாஸ். இப்போதும் கரு தங்கலாம், கருத்தடையை விட்டுவிடாதீர்கள்.

கையில் தடவ ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், மாதத்தில் 12 இரவு போட 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரான் மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள். மாத்திரை போட்டால் தலை கிறுகிறுக்கிறது. கர்ப்பப்பை எடுத்த என் நாத்தனாருக்கு ஜெல் மட்டும்தான். நானும் மாத்திரையை நிறுத்தலாமா டாக்டர்? (48, திருச்சி)

நிறுத்தக் கூடாது. நாத்தனாருக்கு இல்லாத கர்ப்பப்பை உங்களுக்கு இருக்கிறதே, காரணம் அதுதான்.

சூட்டையும் தூக்கமின்மையையும் அடக்குவது ஜெல்லில் உள்ள ஈஸ்ட்ரோஜன். ஆனால் அது கர்ப்பப்பையின் உள்சவ்வையும் வளர்க்கும். தடுக்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் வளர்ந்தால் சவ்வு தடித்து, சிலருக்குப் புற்றுநோய் வரை போகும். அதைக் கட்டுப்படுத்துவதுதான் புரோஜெஸ்டிரான். ஜெல்லை மட்டும் தடவினாலும் சூடு குறையும் என்பதால், "மாத்திரை இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று தோன்றும். உள்ளே சவ்வு தடிப்பது வெளியே தெரியாது.

12 இரவு என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு இன்னும் அவ்வப்போது மாதவிலக்கு வருகிறது என்று நினைக்கிறேன். அந்த 12 நாள் முடிந்ததும் ரத்தப்போக்கு வரும், பயப்பட வேண்டாம். மெனோபாஸ் முழுதாக ஆன பிறகு, தினமும் 100 மில்லிகிராம் என்று மாற்றுவார்கள்.

அப்புறம் கிறுகிறுப்பு. இந்த மாத்திரை தூக்கத்தை வரவழைக்கும். சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் அதிகம் ஏறி மயக்கமும் கூடும். ராத்திரிச் சாப்பாட்டை முன்னதாக முடித்துவிட்டு, படுக்கப் போகும்போது போடுங்கள். அப்படியும் காலையில் தள்ளாடினால் வேறு வகை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கும் 'காயில்' என்ற ஹார்மோன் சாதனமும் இந்த வேலையைச் செய்யும்.

ஹார்மோன் போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று என் அக்கா பயமுறுத்துகிறாள். (51, மதுரை)

அக்கா சொல்வது 2002இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வின் எதிரொலி. ஈஸ்ட்ரோஜனோடு செயற்கை புரோஜெஸ்டின் சேர்த்துச் சாப்பிட்டவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 38 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. போடாதவர்களில் 30 பேர். ஆக, கூடுதல் 8 பேர். பயம் பொய்யில்லை, அளவுதான் பெரிதாகிவிட்டது. அந்தப் பெண்களின் சராசரி வயதும் 63. கர்ப்பப்பை எடுத்து ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடவில்லை.

60 வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு இதை எழுத மாட்டோம். காலில் ரத்தம் உறைந்த அனுபவம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். தோல்வழி ஜெல்லில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

உறவின்போது எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பும். இதற்கும் மாத்திரை சாப்பிட வேண்டுமா? (55, நெல்லை)

வேண்டாம். முதலில் சிறுநீர் கல்ச்சரும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கிருமி இல்லையென்றால், ஈஸ்ட்ரோஜன் குறைந்து பிறப்புறுப்பின் தோல் மெலிந்ததுதான் காரணமாக இருக்கும். ஈஸ்ட்ரியால் க்ரீமை உள்ளே இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை வையுங்கள். ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும் என்பதால் புரோஜெஸ்டிரான் தேவையில்லை. நிறுத்தினால் எரிச்சல் திரும்பும், அதனால் தொடர வேண்டியிருக்கும்.

மாதவிலக்கு நின்று இரண்டு வருடம். போன வாரம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. (54, சேலம்)

நின்றுவிட்டதே என்று விடாதீர்கள், இந்த வாரமே போங்கள். பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்து கர்ப்பப்பைச் சவ்வின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, மறுபடியும் பட்டாலோ, சவ்விலிருந்து துளி எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும்.