1150 பெரிதா, 78 பெரிதா?

கேள்வி: 1000 சதுர அடி ஃபிளாட்டை மீட்டருக்கு மாற்றினேன். ஒரு மீட்டர் 3.28 அடி என்பதால் 3.28-ஆல் வகுத்தேன், 305 சதுர மீட்டர் வந்தது. சரிதானே? (வேளச்சேரி)

305 சதுர மீட்டர் என்றால் ஒரு கிரவுண்டையும் தாண்டிவிடும். ஃபிளாட் வாடகைக்கு வேளச்சேரியில் அப்படி ஒரு வீடு இருந்தால் எனக்கும் முகவரி அனுப்புங்கள்.

நீளத்துக்குத்தான் 3.28. பரப்புக்கு அதையே இரண்டு முறை வகுக்க வேண்டும், அதாவது 10.764-ஆல். உங்கள் வீடு 92.9 சதுர மீட்டர்.

சிரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதே தப்பைப் பணம் கொடுத்துச் செய்தவன் நான். 12-க்கு 10 அறைக்குத் தரையில் ஒட்டும் வினைல் விரிப்பு வாங்கப் போனேன். கடையில் சதுர மீட்டர் கணக்கு. 120-ஐ 3.28-ஆல் வகுத்து, ‘37 மீட்டர் வெட்டுங்கள்’ என்று பெருமையாகச் சொன்னேன். தேவைப்பட்டது 11 சொச்சம். வெட்டிய சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். மிச்ச ரோல் இன்றும் பரணில் இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே வருகிறது.

கேள்வி: மேடவாக்கத்தில் இரண்டு 2 பி.எச்.கே. பார்த்தோம். முதலாவது 1150 சதுர அடி, வாடகை 22,000. இரண்டாவது 78 சதுர மீட்டர் கார்பெட் ஏரியா, வாடகை 21,000. மாற்றிப் பார்த்தால் இரண்டாவது 840 சதுர அடிதான். முதலாவதுதானே லாபம்? முதல் வீட்டு அறைகளின் அளவையும் எடுத்து அனுப்பியிருக்கிறேன். (மேடவாக்கம்)

டேப்போடு போய் அளந்து வந்தீர்களே, அதற்கே உங்களுக்கு நீண்ட பதில் தரலாம்.

78-ஐ 10.764-ஆல் பெருக்கினால் 839.6. அதில் பிழை இல்லை. ஆனால் 1150 ஒரு பொருளின் அளவு, 840 வேறொரு பொருளின் அளவு. சென்னையில் வாடகை விளம்பரத்தில் அடைமொழி இல்லாமல் ‘சதுர அடி’ என்று இருந்தால் அது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப். வெளிச்சுவர், பால்கனி மட்டுமல்லாமல் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை, சில இடங்களில் கிளப் ஹவுஸ் வரைக்கும் உங்கள் பங்கு என்று ஒரு துண்டை அதில் சேர்த்திருப்பார்கள். கார்பெட் ஏரியா அப்படி இல்லை. வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் அதற்கு வரையறை கொடுத்திருக்கிறது: வீட்டுக்குள் புழங்கக்கூடிய தரை. உட்சுவர்கள் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் போகும் டக்ட், உங்களுக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டை மாடி எதுவும் சேராது.

ஆகவே முதல் வீட்டையும் கார்பெட்டுக்குக் கொண்டுவருவோம். நீங்கள் அனுப்பியபடி ஹால் 11 அடி 6 அங்குலத்துக்கு 20 அடி, 230 சதுர அடி. பெரிய படுக்கையறை 11-க்கு 14, 154. சின்னது 10 அடி 6 அங்குலத்துக்கு 12, 126. சமையலறை 8-க்கு 10, 80. இரண்டு குளியலறையும் 5-க்கு 8 என்பதால் சேர்த்து 80. நடை 4-க்கு 10, 40. மொத்தம் 710. அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் சுவர் சுமார் 90 அடி நீளம் ஓடுகிறது. அது ஒரு 34. ஆக 744 சதுர அடி, அதாவது 69 சதுர மீட்டர். பால்கனியை விட்டுவிட்டேன், இரண்டாவது வீட்டின் 78-லும் அது இல்லை.

இப்போது வாடகையை வகுத்துப் பாருங்கள். முதல் வீட்டில் கார்பெட் சதுர அடிக்கு ஏறக்குறைய முப்பது ரூபாய், இரண்டாவதில் 25. ‘சின்ன’ வீடு ஒன்பது சதுர மீட்டர் பெரியது, வாடகையும் ஆயிரம் ரூபாய் குறைவு. ஒன்பது சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய பத்துக்குப் பத்து அறை ஒன்று.

இதில் எனக்கு நீண்ட நாள் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. வீடு விற்கும் பில்டர் கார்பெட் ஏரியாவைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அதே வீட்டை வாங்கியவர் வாடகைக்கு விடும்போது அவரைக் கேட்க ஆளில்லை. பிரவுச்சரில் இருந்த பெரிய எண் அவர் மனதில் பதிந்துவிட்டது, அதையே சொல்கிறார். பாதிப் பேர் பொய் சொல்வதாகக்கூட நினைப்பதில்லை. புரோக்கர் அதை இன்னும் கொஞ்சம் உருட்டி, 1150-ஐ ‘ஆயிரத்து இருநூறு’ ஆக்குகிறார். லிஃப்ட் வாசலில் நாம் பாய் விரித்துப் படுக்கப்போவதில்லை, ஆனாலும் அந்த இடத்தையும் காட்டித்தான் வாடகை பேசுகிறார்கள்.

‘சூப்பர் பில்ட்-அப்பில் 25 சதவீதம் கழித்தால் கார்பெட்’ என்று ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. நம்பாதீர்கள். லிஃப்ட் இல்லாத பழைய இரண்டு மாடிக் கட்டடத்தில் படிக்கட்டு மட்டும்தான் பொது, கழிவு குறைவு. நீச்சல் குளமும் ஜிம்மும் உள்ள பெரிய வளாகத்தில் கூடிவிடும். உங்கள் முதல் வீட்டில் 35 சதவீதம் போயிருக்கிறது.

சதுர மீட்டரில் சொல்லிவிட்டாலே அது கார்பெட் என்றும் எண்ண வேண்டாம். சொன்ன எண்ணை 10.764-ஆல் பெருக்கிப் பாருங்கள். 92.9 என்றால் 1000, 106.84 என்றால் 1150. இப்படி அழகான முழு எண் வந்து விழுந்தால், யாரோ பழைய சூப்பர் பில்ட்-அப்பைக் கால்குலேட்டரில் தட்டி மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். 78.37 போல இருந்து, பெருக்கினாலும் கோணல் எண்ணாகவே வந்தால் அது அநேகமாக ஏதோ ஆவணத்திலிருந்து எடுத்தது. அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய் என்கிறார்கள். சதுர மீட்டருக்கு 37 பைசா வருகிறதே? (பெரும்பாக்கம்)

வகுக்காதீர்கள், பெருக்குங்கள். 43 ரூபாய். பரப்பை மீட்டருக்கு மாற்றினால் எண் சின்னதாகும், விலையை மாற்றினால் பெரிதாகும். எந்தப் பரப்புக்கு அந்த 4 ரூபாய் என்றும் கேளுங்கள். பல அசோசியேஷன்களில் சூப்பர் பில்ட்-அப்புக்குத்தான் கணக்கு. 1150 என்றால் மாதம் 4600.

கேள்வி: தனி வீடு, வாடகைக்கு. ‘ஒன்பது சதுரம்’ என்கிறார் வீட்டுக்காரர். ஒன்பது சதுர மீட்டரா? (தாம்பரம்)

கொத்தனார் கணக்கு. ஒரு சதுரம் 100 சதுர அடி. 900 சதுர அடி, 83.6 சதுர மீட்டர், வெளிச்சுவரையும் சேர்த்து.

கேள்வி: அறை 10 அடி 10 அங்குலம். போனில் 10.10 என்று போட்டுப் பெருக்கினேன். வீட்டுக்காரரின் லேசர் கருவி 3.30 மீட்டர் காட்டுகிறது. யார் சரி? (திருச்சி)

கருவி. அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து இல்லை. 10 அங்குலம் என்பது 0.83 அடி, ஆகவே 10.83 என்று போட வேண்டும். 12 அடி நீள அறையில் நீங்கள் ஒன்பது சதுர அடியைத் தொலைத்துவிட்டீர்கள். மீட்டரிலேயே அளந்து, மீட்டரிலேயே பெருக்கி, கடைசியில் ஒரே ஒரு முறை அடிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வாடகைக்கு நாலறை வீடு தேடுகிறோம். ஏஜெண்ட் 990 சதுர அடி என்கிறார், எச்.டி.பி. தாளில் 92 சதுர மீட்டர். பக்கத்திலேயே 990 சதுர அடி காண்டோவும் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவுதானா? (உட்லண்ட்ஸ்)

எச்.டி.பி. வீட்டைப் பொறுத்தவரை ஏஜெண்ட் சரியாகத்தான் சொல்கிறார், 92-ஐ மாற்றினால் 990. அங்கே அரசு வீட்டு வாரியமான எச்.டி.பி. சதுர மீட்டரிலும் சந்தை சதுர அடியிலும் பேசும்.

காண்டோ என்னும் தனியார் அடுக்ககத்தில் எச்சரிக்கை. பழைய காண்டோக்களின் பரப்பில் பால்கனியும், ஏசி எந்திரம் வைக்கும் மேடையும்கூடச் சேர்ந்திருக்கும். தரைப்பட வரைவை வாங்கி அவற்றைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். எந்திரத்துக்கு ஒதுக்கிய இடத்தில் உங்கள் கட்டில் போகாது.

கேள்வி: 1200 சதுர அடி என்று போட்டோ பார்த்து அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். போய்ப் பார்த்தால் எங்கள் சோபா ஹாலில் திரும்பவில்லை. வீட்டின் பரப்பை ஃபிளாட்டுக்குள் போகாமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? (கோவை)

இருந்தது. பணம் அனுப்புவதற்கு முன் ‘கார்பெட் எவ்வளவு, ஹால் எத்தனைக்கு எத்தனை?’ என்று ஒரு மெசேஜ். சோபா வாங்கும்போது நீள அகலம் கேட்டிருப்பீர்கள் அல்லவா?

கேள்வி: நாங்கள் ஓய்வு பெற்றவர்கள். ‘கார்பெட் மட்டுமே ஆயிரம் அடி’ என்று புரோக்கர் வாட்ஸ்அப்பில் எழுதினார். நம்பிக் குடிவந்தோம். பேரன் அளந்தான், 70 சதுர மீட்டர்கூட இல்லை. ஒப்பந்தத்தில் ‘1000 சதுர அடி’ என்று மட்டும் இருக்கிறது. எங்கள் முட்டாள்தனமா? (குரோம்பேட்டை)

இல்லை. நீங்கள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், பதில்தான் பொய். 70 சதுர மீட்டர் என்பது 753 சதுர அடி. கால் பங்கு காணோம்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பேரனை மறுபடி அளக்கச் சொல்லி, அறை வாரியாகத் தாளில் எழுதி, வீட்டுக்காரரிடம் முதலில் போங்கள். புரோக்கர் என்ன சொன்னார் என்றே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், வாடகையைக் குறைத்துப் பேச அதுவே இடம். புரோக்கர் உங்களிடம் கமிஷன் வாங்கியிருந்தால், காசு வாங்கிக்கொண்டு தவறான தகவல் தந்திருக்கிறார். ரசீதோ வங்கிப் பரிமாற்றமோ இருந்தால் கமிஷனைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரெராவுக்குப் போய் அலையாதீர்கள், அது வீடு விற்பனைக்கானது, வாடகைக்கு அல்ல.

அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அந்த ‘1000 சதுர அடி’யை அடித்துவிட்டு, ‘கார்பெட் ஏரியா இத்தனை சதுர மீட்டர், பால்கனி நீங்கலாக’ என்று எழுதச் சொல்லுங்கள். பேரன் அளந்த தாளையும் பின்னால் இணைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.