காது ஆறியும் ஆட்டம் நிற்கவில்லை

"ஐந்து மாதத்துக்கு முன் காது நரம்பு அழற்சி வந்தது. இப்போது ஸ்கேன் எல்லாம் நார்மல். ஆனாலும் நின்றால் படகில் நிற்பதுபோல் ஆடுகிறது, சூப்பர் மார்க்கெட்டில் இன்னும் மோசம்."

எனக்கும் இப்படித்தான் இருந்தது. நரம்பியல் மருத்துவரிடம் இது 'பிபிபிடி' என்கிற, விடாமல் நீடிக்கும் தலைசுற்றலா என்று கேளுங்கள். தலைசுற்றல் மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் அதை யோசிப்பார்கள். காது ஆறினாலும், சுழன்ற நாட்களில் மூளை ஏற்ற காவலை விடுவதில்லை. காதை நம்பாமல் கண்ணையே பிடித்துக்கொள்கிறது. அடுக்கடுக்காய்ப் பொருள் நிறைந்த கடை அதனால்தான் ஆட்டுகிறது.

சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். கையை நீட்டி, கட்டைவிரலிலிருந்து பார்வை நழுவாமல் தலையை இடம் வலமாக அசைக்க வேண்டும். நான் 20 விநாடியில் தொடங்கினேன். தலைசுற்றல் லேசாக வரத்தான் வேண்டும், வராவிட்டால் மூளைக்குப் பழக எதுவுமில்லை. கால் மணி நேரத்தில் அடங்கினால் அளவு சரி. ஒருநாள் ஆசைப்பட்டு இரட்டிப்பாகச் செய்துவிட்டு மறுநாள் படுத்தே கிடந்தேன். கடைக்கும் அப்படித்தான்: முதல் வாரம் வாசலில் இரண்டு நிமிடம், அப்புறம் ஒரே ஒரு வரிசை.

தலைசுற்றல் மாத்திரை இன்னும் ஓடுகிறதா? சிலவகை மாத்திரைகள் நாள்கணக்கில் நீண்டால் மூளை இப்படிப் பழகுவதைத் தாமதப்படுத்தும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் மரத்தாலோ, திடீரெனக் காது கேட்காமல் போனாலோ அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.