மூளையின் மின் அலையைப் பதியும் ஈஈஜி படத்தில் பெரிய அலை வந்தாலே வலிப்பா?

“மகளுக்கு 7 வயசு. ஈஈஜி எடுக்கையில வேகமா மூச்சுவிடச் சொன்னாங்க, அப்போ பெரிய பெரிய அலையா வந்திருக்கு. இது வலிப்பா?”

அண்ணாச்சி, அலை பெரிசா இருக்கறத மட்டும் வச்சு வலிப்புன்னு சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில ஈஈஜி எடுக்கறதுதான் என் வேலை. 3 நிமிஷம் மூச்சை இழுத்து இழுத்து விட்டா, நல்லா இருக்கிற பிள்ளைகளுக்கும் அலை மெதுவாகிப் பெரிசாகும். கொஞ்சங்கொஞ்சமா ஏறும், மூச்சை நிறுத்தினா தானா வடிஞ்சு பழைய தாளத்துக்கு வந்துரும். அந்தப் பழைய தாளம், கண்ணை மூடியிருக்கையில படத்துல பின்மண்டைக்கான வரிகள்ல வினாடிக்கு 8, 9ன்னு சீரா ஓடுற சின்ன அலை.

வெறிச்சுப் பார்க்கிற வகை வலிப்புல படமே வேற. ஒரு வினாடிக்கான ரெண்டு கோட்டுக்கு நடுவுல பாருங்க. ஊசிமுனை மாதிரி ஒரு கூர், அதை ஒட்டி ஒரு உருண்ட அலை, இப்படி சுமாரா 3 ஜோடி இருக்கும். எல்லா வரியிலயும் ஒண்ணா திடீர்னு தொடங்கி, திடீர்னு நிக்கும்.

ஒரு பையன் மூச்சு விட்டுக்கிட்டே இருந்தவன் அப்படியே உறைஞ்சு விழிச்சான். அப்போ நான் ‘தாமிரபரணி’ன்னு சொன்னேன். 9 வினாடியில தெளிஞ்சு மறுபடி மூச்சை இழுத்தான். நான் என்ன சொன்னேன்னு கேட்டா, அவனுக்குத் தெரியல.

உங்க மகளோட அலையில கூர் இருக்கா, அந்த நேரம் பிள்ளை பதில் சொன்னாளா, இந்த ரெண்டையும் டாக்டர்கிட்ட கேளுங்க.